[கலைச்சொல்] வாக்கியத்துக்குள் வரும் ஹேஷ்டேக், கடைசியில் குவிக்கும் ஹேஷ்டேக்: என்ன பெயர்?

மாலதி:
வணக்கம். சேலை விற்பவர்களுக்காக இன்ஸ்டாகிராம் கையேடு ஒன்று தமிழில் எழுதுகிறேன். ஹேஷ்டேக் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறேன், அந்தச் சண்டை இங்கே வேண்டாம். ஆனால் வாக்கியத்துக்குள் வருவதற்கும், எல்லாம் எழுதி முடித்துக் கடைசி வரியில் குவிப்பதற்கும் தனித்தனிப் பெயர் தேவை. மாதிரி கேப்ஷன் இது:

```
மதுரை #சுங்குடியில் புது நிறம் வந்திருக்கிறது. கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய பருத்திச் சேலை.
#சுங்குடி #சுங்குடிச்சேலை #சுங்குடிசேலை #maduraisungudi #cottonsaree #saree #love #instagood #மதுரை #handmade
```

ராமலிங்கம்:
இலக்கணத்தில் முதல், இடை, கடை என்று இருக்கிறதே. இடைக்குறி, கடைக்குறி என்று வைத்துவிடலாம். எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். 30 வரை போடலாம் என்றுதான் கேள்வி, போடப் போடப் பார்ப்பவர் கூடுவார்கள்.

அருள்:
ஐயா, இடைக்குறி எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணிக்கையில்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 30 என்பது இன்ஸ்டாகிராம் பல வருஷம் வைத்திருந்த உச்சவரம்பு. அதே இன்ஸ்டாகிராம் 2021-இல் 3 முதல் 5 போதும் என்று படைப்பாளர்களுக்குச் சொல்லிவிட்டது. அப்புறம் ஹேஷ்டேக்கைப் பின்தொடரும் வசதியையும் 2024 கடைசியில் எடுத்துவிட்டார்கள். ஆக, ஒருவர் தேடும் பெட்டியில் தானாகத் தட்டக்கூடிய சொல்லா என்று பார்த்துத்தான் வைக்கவேண்டும்.

மாலதியின் பட்டியலில் #love, #instagood இரண்டையும் யோசிக்காமல் எடுக்கலாம். சேலை வாங்க நினைப்பவர் அதைத் தட்டமாட்டார். #saree பொருத்தம்தான், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு சுங்குடி கண்ணில் படாது. #மதுரையைத் தட்டிப் பாருங்கள்: கோயில், ஜிகர்தண்டா, சித்திரைத் திருவிழா. அங்கே வருபவர் சேலைக்கு வரவில்லை. #handmade-இல் சோப்பு, மெழுகுவர்த்தி, பொம்மை. நான் எப்போதும் செய்வது இதுதான்: ஹேஷ்டேக்கைத் தட்டி, வருகிற படங்களுக்கு நடுவில் நம் படம் ஒட்டுமா என்று பார்ப்பேன். ஒட்டாவிட்டால் நீக்கிவிடுவேன்.

பெரிய சிக்கல் முதல் வரியில் இருக்கிறது. #சுங்குடியில் என்பது #சுங்குடி அல்ல. வேற்றுமை உருபும் சேர்ந்து இன்னொரு ஹேஷ்டேக் ஆகிவிடுகிறது. தட்டினால் ஏறக்குறைய காலியான பக்கம்தான் வரும். #சுங்குடி-யில் என்று கோடு போட்டால் ஹேஷ்டேக் கோட்டுக்கு முன்பே நின்றுவிடும், ஆனால் படிக்க உறுத்தும். உருபை அடுத்த சொல்லுக்குத் தள்ளிவிடுவதே நல்லது:

```
#சுங்குடி சேலையில் புது நிறம் வந்திருக்கிறது. கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய மதுரைப் பருத்தி.

#சுங்குடிச்சேலை #maduraisungudi #cottonsaree
```

மொத்தம் நான்கு. ஃபீடில் கேப்ஷனின் தொடக்கம்தான் தெரியும், மிச்சம் more-க்குள் போய்விடும். அதனால் முன்னால் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

ஃபாத்திமா:
என் சமையல் சேனலில் வீடியோ விவரத்தில் ஊர்ப்பட்ட ஹேஷ்டேக் போடுகிறேன், எதுவுமே வேலை செய்யவில்லை. அவற்றைக் கடைக்குறி ஆக்கினால் சரியாகுமா?

அருள்:
கடைக்குறி என்பது இப்போதுதான் யோசிக்கும் பெயர் சகோதரி, அப்படி ஒரு பொத்தான் கிடையாது. நீங்கள் சொல்வது யூடியூப், அங்கே கணக்கு வேறு. எண்ணிப் பாருங்கள். 60-ஐத் தாண்டியிருந்தால் ஒன்றைக்கூட யூடியூப் கண்டுகொள்ளாது.

ஃபாத்திமா:
எண்ணினேன், தாண்டித்தான் இருக்கிறது. பிரியாணி வகை எல்லாவற்றையும் எழுதியிருந்தேன்.

மாலதி:
நன்றி அருள். ஒரு சந்தேகம். #சுங்குடிசேலை என்று ஒற்று இல்லாததை நீக்கிவிட்டீர்கள். என்னிடம் சேலை வாங்குபவர்கள் பலரும் ஒற்று இல்லாமல்தான் தட்டுகிறார்கள். கடைக்குறி என்ற பெயரிலும் தொல்லை இருக்கிறது. துணி விற்பவரிடம் கடைக்குறி என்றால் 'எங்க கடைப் பெயரா?' என்றுதான் கேட்பார். கடைப் பெயரை ஹேஷ்டேக் ஆக்குவதும் உண்டே.

ராமலிங்கம்:
அப்படியானால் ஈற்றுக்குறி. ஒற்றை மட்டும் விடாதீர்கள். பிழையைக் கையேட்டில் அச்சடித்துக் கொடுக்கக் கூடாது.

அருள்:
ஈற்றுக்குறி சரியான சொல்தான், சொன்னால் புரியுமா என்பதுதான் கேள்வி. 'கடைசி வரிக் குறி' என்று நீட்டிச் சொன்னாலும் தப்பில்லை. ஒற்று விஷயத்தில், ஐயா, தேடுபவர் சந்தி பார்த்துத் தட்டுவதில்லை. இரண்டையும் தேடிப் பார்த்து, எதில் சமீபத்திய சேலைப் படங்கள் வருகின்றனவோ அதை வைக்கலாம். இரண்டிலும் ஆள் இருந்தால் #cottonsaree-ஐ எடுத்துவிட்டு இரண்டையும் வைப்பேன்.

ராமலிங்கம்:
வாக்கியத்தில் ஒற்றோடும் ஹேஷ்டேக்கில் ஒற்றில்லாமலும் ஒரே கேப்ஷனா? எனக்குச் சம்மதமில்லை.

மாலதி:
இடைக்குறியை எழுதிவிட்டேன். மற்றதற்கு இப்போதைக்குக் 'கடைசி வரிக் குறி'. இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள், அன்றுதான் பக்க வடிவமைப்புக்குப் போகிறது.