குளிர்நீர் டேங்க்: 5 மணி நேரம் வர வேண்டியது 4 மணி நேரத்திலேயே ஏன் சூடாகுது?

தஞ்சை பிளான்ட்ரூம்
மருத்துவமனை வளாகம். தரைமேல் டேங்க், விட்டம் 12 மீட்டர், நீர் ஆழம் 8 மீட்டர், ஏறக்குறைய 900 கன மீட்டர். கீழே 5 டிகிரி, மேலே 13 டிகிரி. ராத்திரி சில்லர் ஓட்டி நிரப்பி, சாயங்கால உச்ச நேரத்தில் மணிக்கு 180 கன மீட்டர் எடுக்கிறோம். கணக்குப்படி 5 மணி நேரம் வரணும். 4 மணி நேரம் தாண்டினதும் சப்ளை 7 டிகிரியைக் கடக்குது.

இரண்டு தண்ணிக்கும் நடுவுல இருக்கிற கலங்கல் அடுக்கை அளந்து பார்த்தோம். பாதி உயரத்தில் இருக்கிற ஒரு சென்சார் போதும். அந்த இடத்தில் 5.8 டிகிரியில் இருந்து 12.2 டிகிரி ஆக எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு பார்க்கணும். 180 கன மீட்டரை 113 சதுர மீட்டர் பரப்பால் வகுத்தா தண்ணி மணிக்கு 1.6 மீட்டர் நகருது. இங்க 55 நிமிஷம் ஆச்சு. அப்படின்னா அடுக்கு கிட்டத்தட்ட 1.5 மீட்டர் தடிமன். தண்ணியைக் கலங்காம உள்ள விட்டு வெளியே எடுக்கிற டிஃப்யூசரில் கோளாறா, ஓட்டுற முறையில் கோளாறா?

நாகை ஏசி
டிஃப்யூசர்தான் சார். எண்கோண வளையம் ஒண்ணுதானே இருக்கு? சுற்றளவு 26 மீட்டர் இருக்கும். விநாடிக்கு 0.05 கன மீட்டரை 26-ஆல் வகுத்தா ரெனால்ட்ஸ் எண் 1,250-க்கு மேல போகுது. 8 மீட்டர் ஆழத்துக்கு 800 பக்கத்தில் நிக்கணும். இரண்டாவது வளையம் போடாம தீராது.

திருச்சி டிசைன்
தம்பி, கணக்கு சரி, நீளம்தான் பாதியா எடுத்திருக்கீங்க. கீழ்ப்பக்கம் ஸ்லாட் வெட்டின வளையத்தில் தண்ணி உள்பக்கமும் போகுது, வெளிப்பக்கமும் போகுது. அதுக்குத்தான் வளையத்தை டேங்க் ஆரத்தின் 0.707 பங்கில், அதாவது மையத்தில் இருந்து 4.24 மீட்டரில் வைக்கிறோம். இரண்டு பக்கமும் சம பரப்பு கிடைக்கும். ஆக நீளம் 52 மீட்டர்.

```
q  = 0.05 / 52 = 0.00096 m²/s
Re = q / ν = 0.00096 / 0.00000152 ≈ 630
Fr = q / sqrt(g · h³ · Δρ/ρ)
h = 0.075 m, Δρ/ρ = 0.00059  →  Fr ≈ 0.6
```

ஃப்ரூட் எண் 1-க்குக் கீழே இருந்தா குளிர்ந்த தண்ணி தரையோட தரையா, எண்ணெய் பரவுற மாதிரி பரவும். 1-ஐத் தாண்டத் தாண்ட ஜெட் மாதிரிப் பாய்ஞ்சு கலக்க ஆரம்பிக்கும். கணக்கில் உங்க வளையம் தேறுது, கட்டினது அப்படி இருக்கான்னு பார்க்கணும். அந்த 75 மில்லிமீட்டர் எங்க இருந்து வருது? 200 மி.மீ. பைப், வெளிவிட்டம் 219. ஸ்லாட் அடிப்பக்கம் 120 டிகிரிக்கு வெட்டியிருந்தா அதன் மேல் முனை பைப் அடியில் இருந்து 55 மி.மீ. உயரத்தில் வரும். பைப்புக்கும் தரைக்கும் 20 மி.மீ. இடைவெளி. இரண்டும் சேர்த்து 75. வடிகாலுக்காகத் தரையைச் சரிவா பூசியிருந்தா ஒரு பக்கம் 20, மறுபக்கம் 60-னு போயிடும், தண்ணி அகலமான பக்கமே ஓடும்.

ஸ்லாட்டையும் பாருங்க. 3 மி.மீ. அகலம், 15 செ.மீ.க்கு ஒண்ணு, எட்டுக் கையிலும் கைக்கு 22 இருந்தா ஒரு கையின் ஸ்லாட் பரப்பு அந்தப் பைப் பரப்பில் பாதிக்குள்ள அடங்கும். அப்பதான் எல்லா ஸ்லாட்டிலும் ஒரே அளவா வரும். துருச்செதில் வந்து ஒரு கை அடைச்சா மத்த கைகளில் வேகம் கூடிடும்.

அதுக்கெல்லாம் முன்னாடி, நிரப்ப ஆரம்பிச்ச முதல் 15 நிமிஷத்தின் பதிவை எடுத்துப் போடுங்க. அடியில் இருக்கிற சென்சார் என்ன காட்டுது?

குடந்தை பால் ஆலை
எங்களுக்குப் பால் குளிர்விக்க 2 டிகிரி தண்ணி வேணும். இப்ப ஐஸ் பேங்க் இருக்கு. அதை எடுத்துட்டு இந்த மாதிரி டேங்கில் 2 டிகிரியில் சேமிச்சா இன்னும் நிறைய குளிர்ச்சி நிக்குமே?

திருச்சி டிசைன்
நிக்காதுங்க. தண்ணி 4 டிகிரியில்தான் அதிக கனம். 2 டிகிரி தண்ணியும் 6 டிகிரி தண்ணியும் ஏறக்குறைய ஒரே கனம். உங்க 2 டிகிரி தண்ணி அடியில் தங்காம மேல ஏறும், அடுக்கே உருவாகாது. உப்புக் கரைசல் கலந்தா கனம் மாறும், ஆனா அது வேற டேங்க், வேற கணக்கு. உங்களுக்கு ஐஸ் பேங்க்தான் சரி.

தஞ்சை பிளான்ட்ரூம்
பதிவு எடுத்தாச்சு. நிரப்பத் தொடங்கும்போது அடி சென்சார் 7. அடுத்த 10 நிமிஷத்தில் 10 வரை ஏறுது, அப்புறம்தான் 5-க்கு இறங்குது.

திருச்சி டிசைன்
இதுதான். சில்லர் ஸ்டார்ட் ஆகி குளிர் பிடிக்கிற வரை வர்ற 11, 12 டிகிரி தண்ணி நேரா அடி டிஃப்யூசருக்குள்ள போகுது. அடியில் 7 டிகிரி இருக்கும்போது அதைவிடச் சூடானது உள்ள வந்தா மிதந்து மேல போகும், போற வழியெல்லாம் கலக்கும். அடுக்கு பிறக்கும்போதே தடிச்சுப் பிறக்குது. அப்படிப் பிறந்ததை அப்புறம் மெலிய வைக்க முடியாது.

சில்லர் வெளியேறும் தண்ணி 5.5 வர்ற வரை பைபாஸில் சுத்தவிடுங்க. டேங்க் வால்வைத் திறந்ததும் முதல் ஒரு மணி நேரம் 70 கன மீட்டரோட ஓட்டுங்க. அடுக்கு டிஃப்யூசரைவிட அரை மீட்டருக்கு மேல ஏறினதும் 180-க்கு மெதுவாக் கூட்டுங்க. நிரப்புறதை டைமரில் நிறுத்தாதீங்க. மேல் டிஃப்யூசரில் வெளியேறும் தண்ணி 7 டிகிரிக்கு வந்த பிறகு நிறுத்தினா பழைய கலங்கல் வெளியே தள்ளப்படும். பாதியில் நிறுத்தி, மறுநாள் அதே அடுக்கைக் கீழ இறக்கி ஏத்தினா ஒவ்வொரு சுத்துக்கும் தடிச்சுக்கிட்டே போகும்.

திருவாரூர் சிவில்
இங்க களிமண், அதில் டேங்க் ஒரு பக்கம் 40 மி.மீ. இறங்கியிருக்கு. அதனால டிஃப்யூசர் கெடுமா?

திருச்சி டிசைன்
கீழ் டிஃப்யூசர் தரையோட சேர்ந்தே சாயுது, இடைவெளி மாறாது. மேல் டிஃப்யூசர்தான் கவலை, ஏன்னா நீர்மட்டம் சாயாது. வளையத்தின் இரண்டு ஓரத்துக்கும் 28 மி.மீ. வித்தியாசம் வரும். 75 என்பது ஒரு பக்கம் 61 ஆகும். ஃப்ரூட் எண் அங்கேயும் 0.85-க்குள்ளதான், அதில் பயமில்ல. ஆனா பைப் உச்சி தண்ணிக்கு 20 மி.மீ. கீழே இருந்தது அந்த உயர்ந்த பக்கம் 6 மி.மீ. ஆகிடும். மட்டம் கொஞ்சம் குறைஞ்சாலும் நிரப்பும்போது காத்தை இழுத்து பம்ப் கத்தும். மட்ட அளவியைச் சாய்வுக்கேற்ப உயர்த்தி வைங்க.

தஞ்சை பிளான்ட்ரூம்
பைபாஸ், மெதுவான தொடக்கம் இரண்டையும் வெச்சு ஒரு வாரம் ஆகுது. அதே பாதி உயரத்தில் இப்ப 27 நிமிஷம், அடுக்கு 0.7 மீட்டர். சப்ளை 4 மணி 35 நிமிஷம் வரை 7-க்குக் கீழ நிக்குது. ஆனா ராத்திரி 9 மணிக்கு மேல ரிட்டர்ன் 10 டிகிரியாத்தான் வருது. அது மேல இருக்கிற 13 டிகிரிக்குள்ள விழுந்து கலக்குது.

நாகை ஏசி
குளிர்காத்து அனுப்புற ஏஹெச்யூக்களில் மூணுவழி வால்வு இருக்கா சார்? லோடு குறைஞ்சா குளிர்நீர் காயிலைத் தொடாமலே ரிட்டர்னுக்கு வந்துடும். இருவழி வால்வும் வேகம் மாறுற பம்பும் போட்டா 12-க்கு மேல வரும்.

திருச்சி டிசைன்
அது சரியான இடம். ஆனா எல்லாத்தையும் மாத்தணுமா, பெரிய நாலு ஏஹெச்யூ போதுமான்னு தெரியணும். ஒவ்வொண்ணின் ரிட்டர்னையும் 9 மணிக்கு மேல தனித்தனியா அளந்து போடுங்க.

தஞ்சை பிளான்ட்ரூம்
மொத்தம் 14 இருக்கு. 6-ல்தான் தெர்மோமீட்டர் குழி இருக்கு. மத்ததுக்குப் பைப் மேல சென்சார் ஒட்டி இன்சுலேஷன் சுத்திப் பார்க்கிறோம்.