கான்ட்ராஸ்ட் தீம் போட்டால் பில் எழுத்து மறைகிறது, யாருக்காவது வழி தெரியுமா?

வணக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். சர்க்கரையால் பார்வை மங்கி, வெள்ளைத் திரை கூசுகிறது என்பதால், 2 வாரத்துக்கு முன் கடை லேப்டாப்பில் Night sky தீமை வைத்துக் கொடுத்தேன். விண்டோஸ் 11, 1366 x 768 திரை. Text size 175%. பிரௌசர், வேர்ட் எல்லாம் அருமை, "இப்பதான்டா தெரியுது" என்றார்.

சிக்கல் பழைய பில்லிங் மென்பொருளில்தான். பொருள் பெயர் தட்டும் பெட்டி வெறுமையாகவே நிற்கிறது, ஆனால் மவுஸால் இழுத்துத் தேர்ந்தால் எழுத்து தெரிகிறது! அதாவது எழுத்து தீமைக் கேட்டு வெள்ளையாகிவிட்டது, பெட்டியின் வெள்ளைப் பின்னணி மட்டும் மென்பொருளுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது என்று நினைக்கிறேன். எழுத்தும் பெரிதாகவில்லை.

செய்து பார்த்தவை: Scale-ஐ 150% ஆக்கினேன், எழுத்து பெரிதானது, ஆனால் சேமிக்கும் பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது, ஜன்னலை இழுக்கவும் முடியவில்லை. சரி என்று தீமை நிறுத்திவிட்டு Magnifier-இல் Ctrl + Alt + I அழுத்தி நிறத்தைத் திருப்பினேன். பில் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் பொருள் படங்கள் நெகட்டிவ் போல ஆகிவிட, பாக்கெட்டை நிறம் பார்த்து எடுப்பவர் குழம்பிப் போனார். இப்போதைக்கு இடது Alt + இடது Shift + Print Screen அழுத்தித் தீமை மாற்றி மாற்றி ஓட்டுகிறார், வாடிக்கையாளர் நிற்கும்போது அது நடக்கிற காரியமா?

தீம் இயங்கிக்கொண்டே இருக்க, இந்த ஒரு பெட்டியில் மட்டும் எழுத்து தெரியும்படி நிறங்களை எப்படி அமைப்பது?