கிராஜுவிட்டி நாமினி அண்ணன் பெயரில் இருக்கு, மனைவி குழந்தைகளுக்குக் கிடைக்குமா?

கொரட்டூர்காரன்

என் அக்கா வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு தனியார் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். 2014 ஜூன் 2-ல் சேர்ந்தார், 2025 பிப்ரவரி 14 அன்று இறந்துட்டார். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து கடைசி மாசச் சம்பளம் 23,400 ரூபாய். அக்கா, 9 வயசுப் பொண்ணு, 5 வயசுப் பையன், மாமாவோட அம்மா, இவ்வளவு பேர்தான். மாமனார் முன்னாடியே காலமாயிட்டார். இந்துக் குடும்பம்.

பி.எஃப். எல்லாம் வந்துடுச்சு. கிராஜுவிட்டி கேட்டா ஹெச்.ஆர்.ல சொல்றாங்க: "நாமினி அவரோட அண்ணன். அவர் வந்து கையெழுத்துப் போடணும், இல்லைன்னா கோர்ட்ல சக்சஷன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க." வேலையில சேர்ந்த புதுசுல எழுதிக் கொடுத்த நாமினேஷன் அது. கல்யாணம் ஆனது 2015-ல், அப்புறம் மாத்தவே இல்லை. அந்த அண்ணன் பார்க்கலாம் பார்க்கலாம்னு இழுக்கறார். இப்போ டிசம்பர் ஆயிடுச்சு. தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழ் கையில இருக்கு. அடுத்து என்ன செய்யணும்?

பாலா_வேலூர்

ப்ரோ, ஃபார்ம் 20, 10-டி, 5-ஐ.எஃப். மூணையும் சேர்த்து பி.எஃப். ஆபீஸ்ல கொடுங்க. யு.ஏ.என். போர்ட்டல்ல இ-நாமினேஷன் யார் பேர்ல இருக்குன்னு முதல்ல பாருங்க.

கொரட்டூர்காரன்

அது பி.எஃப்.புக்கு, ப்ரோ. அது முடிஞ்சுடுச்சு. இது கம்பெனி நேரா தர வேண்டிய பணம்.

வழக்கு_வாசல்

நாமினி யாரோ அவருக்குத்தான் கம்பெனி கொடுக்கும். பேங்க்லயும் இதே கதைதான். அண்ணன் வாங்கட்டும், அவர் பங்கு பிரிச்சுத் தரலைன்னா அவர் மேல சிவில் கேஸ் போடுங்க. ஹெச்.ஆர். சொன்னது சரிதான்.

பேரோல்_மேஜை

வழக்கு வாசல் சார், நாமினேஷன் செல்லுபடியானதா இருந்தா நீங்க சொல்றது ஓரளவு சரி. இங்கே அதுவே நிற்காது. கிராஜுவிட்டி சட்டம் 1972, பிரிவு 6-ஐப் பாருங்க. எழுதும்போது குடும்பம் இருந்தா குடும்பத்தாரைத்தான் நாமினியாகப் போடணும், வெளியாளைப் போட்டா அது செல்லாது. குடும்பம் இல்லாதபோது யாரை வேணும்னாலும் போடலாம், ஆனா பிறகு குடும்பம் அமைஞ்ச அந்த நிமிஷமே பழைய நாமினேஷன் ரத்து. 90 நாளைக்குள்ள புதுசு எழுதிக் கொடுத்திருக்கணும்.

குடும்பம்னா யார்னு பிரிவு 2(h)-ல இருக்கு. ஆணுக்கு மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கிற அப்பா அம்மா, மனைவியோட பெற்றோர் அவரை நம்பியிருந்தா அவங்க, இறந்துபோன மகனோட மனைவி மக்கள். உடன்பிறந்தவர் இந்தப் பட்டியல்லயே இல்லை.

அப்போ 2014-ல அம்மா இவரை நம்பி இருந்தாங்கன்னா அண்ணன் பேரைப் போட்டது அன்னைக்கே செல்லாது. நம்பி இல்லைன்னா அன்னைக்குச் செல்லும், ஆனா 2015-ல கல்யாணத்தோட செத்துப்போச்சு. எந்த வழியில போனாலும் அண்ணன் நாமினி இல்லை. நாமினியே இல்லைன்னா பணம் வாரிசுகளுக்கு.

அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தா கதையே வேற. நம்பியிருக்கிற அம்மா குடும்பத்துக்குள்ள வர்றதால, கல்யாணத்துக்குப் பிறகும் அந்த நாமினேஷன் நிற்கும். அதனால ஹெச்.ஆர்.கிட்ட நாமினேஷன் எழுதிக் கொடுத்த ஃபார்ம் எஃப் நகலை எழுத்து மூலமா கேட்டு வாங்குங்க. அதுல "இவர்கள் என் குடும்பத்தினர்" என்றும் "எனக்குக் குடும்பம் இல்லை" என்றும் இரண்டு வாசகம் அச்சாகவே இருக்கும், பொருந்தாததை அடிக்கணும். சேர்ற அன்னைக்குக் கத்தையா நீட்டின காகிதத்துல யாரும் அடிக்கிறதில்லை, அது தனிக்கதை.

கொரட்டூர்காரன்

நகல் வாங்கினேன் மேடம். ரெண்டுமே அடிக்கலை. உறவுமுறை கட்டத்துல "பிரதர்"னு இருக்கு. கல்யாண நிலையில "திருமணமாகாதவர்". ஹெச்.ஆர். இப்போ புதுசா ஒண்ணு சொல்றாங்க, புதுச் சட்டம் வந்துடுச்சு, பழைய ஃபார்ம் எல்லாம் செல்லாதாம்.

பேரோல்_மேஜை

அந்தப் புதுச் சட்டம், சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது உண்மை. ஆனா இவருக்குக் கிராஜுவிட்டி உரிமை உண்டானது பிப்ரவரி 14-ல். அதனால 1972 சட்டத்தின்படியே கேளுங்க, கடிதத்துல இறந்த தேதியை முதல் வரியில எழுதுங்க. அவங்க புதுச் சட்டத்தைக் காட்டினாலும் நாமினி இல்லைன்னா வாரிசுக்கு என்கிற அடிப்படை அங்கேயும் மாறலை.

கணக்கு இதோ. 10 வருஷம் 8 மாசம். ஆறு மாசத்துக்கு மேல போனதால 11 வருஷம். 23,400-ஐ 26-ஆல் வகுத்தா ஒரு நாளைக்கு 900, அதை 15-ஆல் பெருக்கினா 13,500, அது 11 வருஷத்துக்கு 1,48,500 ரூபாய். ஹெச்.ஆர். 30-ஆல் வகுத்துக் காட்டினா ஒத்துக்காதீங்க. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், மகன், தாய் நாலு பேரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு 37,125. அம்மா அவரை நம்பி இருந்தாங்களா இல்லையாங்கறது நாமினேஷனுக்குத்தான், வாரிசுப் பங்குக்கு அது தேவையில்லை.

வாரிசுக்கான படிவம் ஃபார்ம் கே. ஃபார்ம் ஜே நாமினிக்கு, அதை நிரப்பிக் கொடுத்தா மறுபடியும் நாமினி பஞ்சாயத்துக்கே போவாங்க. அக்கா ஒண்ணு, மாமியார் ஒண்ணு, குழந்தைகளுக்காக அக்கா காப்பாளரா கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒண்ணு, ஆக நாலு. ஒவ்வொண்ணோடயும் இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் நகல் வையுங்க. குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும்.

வாரிசு விண்ணப்பத்துக்கு ஒரு வருஷம், பிப்ரவரி 13-க்குள்ள கொடுத்துடுங்க. தாமதம் என்கிற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையைத் தள்ள முடியாதுன்னு விதி இருக்கு, ஆனாலும் அந்த வாக்குவாதம் எதுக்கு? நேர்ல கொடுத்து இன்னொரு பிரதியில முத்திரையும் தேதியும் வாங்குங்க. வாங்க மறுத்தா ஸ்பீட் போஸ்ட், டெலிவரி விவரத்தை பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க.

மணலி_செல்வி

மேடம், இடையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்க அப்பா ஒரு குடோன்ல 3 வருஷம் 7 மாசம்தான் வேலை பார்த்தார், பணியில இருக்கும்போதே தவறிட்டார். 5 வருஷம் முடியலை, ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அம்மா பேர்தான் நாமினி.

பேரோல்_மேஜை

ராஜினாமா, ஓய்வுன்னு வேலையை விட்டுப் போறவங்களுக்குத்தான் அந்த 5 வருஷம். மரணத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. 3 வருஷம் 7 மாசம்னா 4 வருஷமாகக் கணக்கு. குடோன்ல பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தாங்களான்னு மட்டும் உறுதி செய்யுங்க, சட்டம் அந்த எண்ணிக்கையில்தான் பொருந்தும். உங்க அம்மாவுக்கு ஃபார்ம் ஜே.

எஸ்டேட்_யூனியன்

தம்பி, நான் இதுல அலைஞ்சு பார்த்தவன். பேர் பொருத்தத்தை இப்பவே சரி பண்ணிக்கோ. இறப்புச் சான்றிதழ்ல ஒரு இனிஷியல், கம்பெனி ரெக்கார்டுல அப்பா பேர் முழுசா, ஆதார்ல இனிஷியல் பின்னாடி. அக்கா ஆதார்ல இன்னும் அப்பா இனிஷியலா, புருஷன் இனிஷியலா? நோட்டரி கிட்ட ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஒரு பிரமாண வாக்குமூலம் போட்டு இணைச்சுடு. இதைக் காட்டியே ஃபைலைத் திருப்பி அனுப்புவாங்க. வாரிசு சான்றிதழ்ல குழந்தைங்க பேர் எழுத்து ஒண்ணு மாறியிருந்தாலும் திருத்தம் கேட்டுடு.

முக்கியமானது: மொத்தப் பணத்தையும் அக்கா அக்கவுண்ட்ல போட்டு முடிச்சுக்கலாம்னு கம்பெனி சொல்லும். குழந்தைங்க பங்கு 74,250-ஐ அப்படிக் கொடுக்கக் கூடாது. மைனர் பங்கைத் தொழிலாளர் துறையில இருக்கிற கன்ட்ரோலிங் அத்தாரிட்டிகிட்ட கம்பெனி டெபாசிட் பண்ணணும், அவர் பேங்க்ல போட்டு 18 வயசு ஆனதும் தருவார்.

கொரட்டூர்காரன்

அண்ணே, அக்காவுக்கு இப்பவே ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்...

எஸ்டேட்_யூனியன்

அக்கா பங்கு உடனே கைக்கு வந்துடும்பா. மைனர் பணத்துல அவசரத்துக்கு எடுக்கணும்னா அந்த அதிகாரிகிட்டதான் மனு போட்டுக் கேக்கணும், கொடுப்பாரா மாட்டாரான்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்.

வழக்கு_வாசல்

சரி, நாமினேஷன் விஷயத்துல மேடம் சொன்னது எனக்குப் புதுசு. ஆனா அந்த அண்ணன் எழுத்துல ஆட்சேபம் கொடுத்தா கம்பெனி எப்படிப் பணம் கொடுக்கும்? அப்போ சக்சஷன் சர்டிபிகேட்தானே வழி?

பேரோல்_மேஜை

யாருக்குச் சேர வேண்டியதுன்னு தகராறு வந்தா, கம்பெனி தான் ஒத்துக்கிற தொகையை கன்ட்ரோலிங் அத்தாரிட்டிகிட்ட டெபாசிட் செய்யணும்னு பிரிவு 7(4) சொல்லுது. பணத்தைக் கைக்குள்ள வச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போன்னு சொல்ல வழியில்லை. விண்ணப்பம் கிடைச்ச 15 நாளைக்குள்ள ஃபார்ம் எல்-ல் சம்மதம், அல்லது ஃபார்ம் எம்-ல் காரணத்தோட மறுப்பு தரணும். ரெண்டும் வரலைன்னாலோ மறுத்தாலோ, 90 நாளைக்குள்ள கன்ட்ரோலிங் அத்தாரிட்டிகிட்ட ஃபார்ம் என்-ல் மனு கொடுக்கணும்.

தாமதத்துக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் தனிவட்டி, இவருக்கு வருஷம் 14,850. விண்ணப்பம் வராவிட்டாலும் கணக்குப் போட்டுத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையதுன்னு சட்டத்துல இருக்கு, அதனால ஆரம்பத்துலிருந்தே வட்டி கேளுங்க. ஆனா நீங்கதான் லேட்டுன்னு கம்பெனி வாதாடும். எந்த மாசத்துலிருந்துன்னு அதிகாரிதான் முடிவு செய்யணும்.

மனு கொடுக்கும் முன்னாடி இன்னொண்ணு. அந்தக் கம்பெனிக்கு வேற மாநிலத்துல கிளை இருக்கா? இருந்தா மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம், நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவன். தமிழ்நாட்டுல மட்டும்னா மாநிலத் தொழிலாளர் துறை, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல கேட்டா உங்க பகுதி அதிகாரி யார்னு சொல்வாங்க. தப்பான இடத்துல கொடுத்தா மாசக்கணக்குல கழிச்சு, எங்க எல்லை இல்லைன்னு திரும்பி வரும், அதுக்குள்ள 90 நாளும் ஓடிடும்.

கொரட்டூர்காரன்

ஆந்திரா ஸ்ரீசிட்டியில ஒரு யூனிட் இருக்கு மேடம். அப்போ சாஸ்திரி பவன்தான் போல. அத்தை, மாமாவோட அம்மா, "எனக்கு எதுவும் வேணாம், அவளே வாங்கிக்கட்டும்"னு சொல்றாங்க. அவங்க ஃபார்ம் கே போடாம விட்டுடலாமா?

பேரோல்_மேஜை

விடாதீங்க. போடாம விட்டா அவங்க பங்கு 37,125 அந்தரத்துல நிற்கும், நாளைக்கு அந்த அண்ணன் அம்மாவைக் கூட்டிட்டு வந்து ஆட்சேபம் எழுத வைக்கவும் அது வழி. அத்தையே தன் பங்கை மருமகளுக்கு விட்டுக்கொடுப்பதா எழுதி, இரண்டு சாட்சி வச்சு நோட்டரி செஞ்சு இணைக்கட்டும். சில கம்பெனிகள் இதை ஏத்துக்கும், சிலது அத்தை அக்கவுண்ட்லயே போடுவோம்னு நிற்கும். அப்படி நின்னா அவங்க அக்கவுண்ட்லயே வாங்கிட்டு அங்கேயிருந்து மாத்திக்கலாம். குழந்தைகள் பங்கை மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க முடியாது, அக்காவாலும் முடியாது.

பாலா_வேலூர்

கிராஜுவிட்டி எல்.ஐ.சி. குரூப் ஸ்கீம்ல இருந்தா?

எஸ்டேட்_யூனியன்

இருந்தாலும் பொறுப்பு கம்பெனிக்குத்தான். எல்.ஐ.சி.ல கிளெய்ம் பெண்டிங்னு சொல்லித் தள்ளிப்போட முடியாது. ஆனா கேட்டுப் பார்க்கறது நல்லது தம்பி, சில ஸ்கீம்ல பணியில இருக்கும்போது இறந்தா மிச்ச சர்வீஸுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் தொகை இருக்கும். அந்த ஸ்கீம் விதி நகலையும் ஃபார்ம் எஃப் கேட்ட மாதிரியே எழுதிக் கேளு.

கொரட்டூர்காரன்

திங்கட்கிழமை நாலு ஃபார்மும் கொடுக்கப் போறோம். எல் வருதா எம் வருதான்னு இங்கேயே போடறேன்.