கலைச்சொல்: கர்ப்பிணிகளுக்குத் தரும் சின்ன டோஸ் ஆஸ்பிரினுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

முத்துக்குமரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கர்ப்பிணிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ப்ரீஎக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரகம் போன்ற உறுப்புகளைப் பாதிக்கும் நோய், வரும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஆஸ்பிரின் தொடங்குவதைப் பற்றி அதில் ஒரு பக்கம் வருகிறது. நோய்க்கு 'முன்சூல்வலிப்பு' என்று ஏற்கெனவே புழங்கும் சொல்லையே எடுத்துக்கொண்டேன். மருந்தில்தான் மாட்டிக்கொண்டேன். 'குறையளவு ஆஸ்பிரின் சிகிச்சை' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

டாக்டர் மங்கையர்க்கரசி எழுதியது:

'குறையளவு' இருக்கட்டும். 'சிகிச்சை' வேண்டாம். இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணுக்கு நோயே இருக்காது. பலருக்கும் பிபி 110/70 என்று அழகாக இருக்கும், சிறுநீரில் புரதம் இருக்காது. அப்போது கொடுத்தால்தான் பலன்.

காரணம் நச்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பையின் சிறு ரத்தக்குழாய்கள் அகன்று, நச்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் விடும்படி மாறுகின்றன. சிலருக்கு இது அரைகுறையாக நின்றுவிடுகிறது. அதன் விளைவு 20 வாரத்துக்குப் பிறகு தாயின் ரத்த அழுத்தமாகவும் சிறுநீரகக் கோளாறாகவும் வெளியே தெரிகிறது. சின்ன டோஸில் ஆஸ்பிரின் தட்டணுக்கள் சுரக்கும், ரத்தக்குழாயைச் சுருக்கும் த்ராம்பாக்ஸேனைக் குறைக்கிறது. ரத்தக்குழாயை விரிக்கும் ப்ராஸ்டாசைக்ளினை அவ்வளவாகத் தொடுவதில்லை. குழாய்கள் உருவாகிக்கொண்டிருக்கும்போது கொடுத்தால் உதவும் என்பதுதான் கணக்கு. அதனால் 12 வாரத்தில் தொடங்குகிறோம், 16 தாண்டுவதற்குள். நோய் வந்த பிறகு கொடுத்து அதைத் திருப்ப முடியாது.

'முற்காப்பு ஆஸ்பிரின்' என்று வையுங்களேன்.

இராமலிங்கம் எழுதியது:

முற்காப்பு என்றால் யாருக்குப் புரியும் அம்மா? 'தடுப்பு ஆஸ்பிரின்' என்றால் கிராமத்துப் பாட்டிக்கும் புரியும். தடுப்பூசி மாதிரி. முப்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், மருந்தின் பெயர் நாக்கில் புரள வேண்டும். இன்னொன்று: ஆரம்பத்திலேயே தொடங்குவதுதான் நல்லது என்றால் கர்ப்பம் உறுதியான அன்றைக்கே எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே, எதற்கு 12 வாரம் வரை காத்திருக்க வேண்டும்?

ஃபாத்திமா எழுதியது:

நான் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவள். முதல் பிரசவம் 33 வாரத்தில், பிபி ஏறி, அவசர ஆபரேஷன். இரண்டாவது முறை டாக்டர் ஆஸ்பிரின் 150 மி.கி. எழுதிக் கொடுத்தார், ராத்திரி படுக்கும் முன் ஒன்று. கடையில் வாங்கும்போது அந்தப் பையன், "இது ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்குக் கொடுக்கறதாச்சே, யாருக்கு?" என்றான். வீட்டில் வந்து சொன்னதும் மாமியார் பயந்துவிட்டார். கொஞ்ச நாள் நிறுத்தியும் வைத்தேன். அடுத்த செக்கப்பில் டாக்டர் திட்டிய பிறகுதான் மறுபடி ஆரம்பித்தேன். இரண்டாவது குழந்தை 38 வாரத்தில் பிறந்தது.

உங்கள் பட்டியலில் உள்ள எல்லாப் பெயரும் அளவைச் சொல்கிறது, இல்லாவிட்டால் காப்பு என்கிறது. எதற்கான மாத்திரை என்று எதுவும் சொல்லவில்லை. அது தெரிந்திருந்தால் மாமியாரிடம் நானே பதில் சொல்லியிருப்பேன்.

டாக்டர் மங்கையர்க்கரசி எழுதியது:

ஃபாத்திமா சொல்வது எனக்கும் தோன்றாத கோணம். முதலில் இராமலிங்கம் ஐயாவுக்குப் பதில்.

எல்லோருக்கும் கொடுப்பதில்லை ஐயா. முந்தைய கர்ப்பத்தில் இதே நோய், ஏற்கெனவே உள்ள ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், லூபஸ், இரட்டைக் கர்ப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலே கொடுக்கிறோம். முதல் கர்ப்பம், 35-ஐத் தாண்டிய வயது, அதிக உடல் எடை, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருப்பது போன்றவை தனியாக வந்தால் அவ்வளவு கனம் இல்லை, இரண்டு சேர்ந்தால் கொடுக்கலாம். 36 வயதில் முதல் முறை கர்ப்பமான ஒருவர் ஒன்பதாம் வாரம் வருகிறார் என்று வையுங்கள். உடல் நிறை எண் 31, பிபி 118/76. எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனாலும் கணக்கில் மூன்று விழுந்துவிட்டது. ஆஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப் புண், ரத்தக்கசிவுக் கோளாறு இல்லை என்று கேட்டுக்கொண்டு, ஸ்கேனில் வாரத்தை உறுதி செய்து, 12 முடிந்ததும் இரவில் ஒரு மாத்திரை. எங்கள் பிரிவில் 36 வாரத்தில் நிறுத்துகிறோம். பிரசவம் வரை தொடர்பவர்களும் உண்டு. 12-க்கு முன் கொடுத்தால் கூடுதல் பலன் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அதனால்தான் காத்திருப்பு.

'தடுப்பு' என்ற சொல்லில் எனக்குள்ள தயக்கம் வேறு. 2017-இல் வந்த ஆஸ்ப்ரே ஆய்வில் 150 மி.கி. இரவில் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவிக்க வைக்கும் வகை ப்ரீஎக்லாம்ப்சியா, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6. பெரிய வித்தியாசம்தான். ஆனால் 37-க்குப் பிறகு வரும் வகையில் தெளிவான வித்தியாசம் இல்லை. தடுப்பு என்று போட்டால், 'அதான் மாத்திரை சாப்பிடுகிறோமே' என்று கடைசி மாதத் தலைவலியை அலட்சியம் செய்வார்கள்.

இராமலிங்கம் எழுதியது:

தடுப்பூசி போட்டும் சிலருக்கு நோய் வருகிறதே, அதற்காகப் பெயரை மாற்றினோமா? மற்றதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சுகந்தி எழுதியது:

டாக்டர், என் தங்கைக்கு ஏழாம் மாதம். நேற்று பிபி 150/100, கால் வீக்கமும் இருக்கிறது. இந்த மாத்திரை பிரஷரைக் குறைக்கும் என்றால் 'அழுத்தக்குறைப்பு ஆஸ்பிரின்' என்று வைக்கலாமே? அவளுக்கும் தொடங்கலாமா?

டாக்டர் மங்கையர்க்கரசி எழுதியது:

சுகந்தி, இந்த மாத்திரை பிரஷரைக் குறைக்காது. தங்கையை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், நாளை என்று தள்ள வேண்டாம். சிறுநீரும் ரத்தமும் பார்க்க வேண்டும், குழந்தையின் துடிப்பையும் பார்க்க வேண்டும். தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தால் வழியிலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள். சொல் விவாதம் அப்புறம்.

கஜேந்திரன், யாழ்ப்பாணம்:

எங்கட பக்கம் இதைக் 'குருதியமுக்கம்' என்ற சொல்லோடு சேர்த்துத்தான் சொல்வினம். எனக்கு உறுத்துறது நோயின்ர பெயர். 'முன்சூல்வலிப்பு' என்று வாசிக்கிற ஆள், கர்ப்பத்தின்ர முன்பகுதியில வாற வலிப்பு என்றுதான் நினைக்கும். வருத்தம் வாறது பிற்பகுதியில, மாத்திரை தொடங்கிறது முற்பகுதியில. இரண்டையும் ஒரே பக்கத்தில போட்டால் குழம்பாதோ?

இன்னொரு விசயம். கையேட்டில 'நாலாம் மாதம்' என்று போட வேண்டாம். கடைசி மாதவிடாயில இருந்து எண்ணினால் மூன்று மாதம் முடிய ஏறக்குறைய 13 வாரம். நாள் தள்ளிப் போனதில இருந்து எண்ணுறவை மூன்று மாதம் முடிஞ்சு வந்து நிற்கேக்க 17 வாரம் ஆயிடும்.

முத்துக்குமரன் எழுதியது:

இந்த மாத விவகாரம் எனக்குத் தெரியவே தெரியாது, நன்றி கஜேந்திரன் அண்ணா. வாரத்திலேயே எழுதி, 'ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள வாரம்' என்று சேர்த்துவிடுகிறேன்.

தலைப்பில் 'சூல்காப்பு ஆஸ்பிரின்' என்று போடலாமா என்று யோசிக்கிறேன். எதற்கு என்பதும் வந்துவிடுகிறது, நூறு சதவீத உத்தரவாதமும் தொனிக்கவில்லை. முதல் வரி இப்படி: 'சூல்காப்பு ஆஸ்பிரின்: கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய் வரும் வாய்ப்பைக் குறைக்க, டாக்டர் எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும் 12 முதல் 16 வாரத்துக்குள் தொடங்கி, தினமும் இரவில் சாப்பிடும் சிறிய அளவு மாத்திரை. இதயநோய்க்கும் இதே மாத்திரை தரப்படுகிறது. பயந்து நிறுத்த வேண்டாம்.'

ஃபாத்திமா எழுதியது:

கடைசி வரியைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

டாக்டர் மங்கையர்க்கரசி எழுதியது:

சூல்காப்பு எனக்குச் சம்மதம். 'ரத்தக்கொதிப்பு நோய்' மட்டும் உறுத்துகிறது. புரதம் போவதும் கல்லீரல் பாதிப்பதும் அதில் வரவில்லை. வெறும் பிரஷர் என்று நினைத்துக்கொள்வார்கள். வேறு சொல் கிடைக்கும்வரை ப்ரீஎக்லாம்ப்சியா என்றே பக்கத்தில் போட்டு வையுங்கள். சுகந்தி, தங்கை எப்படி இருக்கிறார்?

சுகந்தி எழுதியது:

அட்மிட் செய்துவிட்டார்கள் டாக்டர். சிறுநீரில் புரதம் இரண்டு ப்ளஸ் என்கிறார்கள்.