40 நிமிஷம் சுத்தியும் கருப்பட்டி ஐஸ்கிரீம் உறையல, என்ன பிழை?

தக்கலை வீட்டுச் சமையல்: கிண்ணத்தை முதல்ல ஃப்ரீசர்ல வச்சு எடுக்குற வகை மெஷின், 1.5 லிட்டர். 10 மணி நேரம் வச்சேன். பால் அரை லிட்டர், க்ரீம் 200 மில்லி, கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், 150 கிராம் கருப்பட்டியை 50 மில்லி தண்ணியில கரைச்சு ஊத்தினேன். 40 நிமிஷம் ஓடியும் பாயசம் மாதிரிதான் இருக்கு.

நாகர்கோவில் கரீம்: வேகம் பத்தல அக்கா. வேகத்தைக் கூட்டுற பட்டன் இருந்தா முழுசா வைங்க, சட்டுனு உறையும்.

குளச்சல் குல்ஃபி: எனக்கு நேர்மாறு. மறுநாள் எடுத்தா கல்லு மாதிரி இருக்கு, கரண்டி இறங்கல. இதுக்கும் வழி சொல்லுங்க.

மார்த்தாண்டம் பால்: குளச்சல், உங்களுக்கு இனிப்பு குறைவா இருக்கும். அதைத் தனியா கேளுங்க.

கரீம் சொல்றது பாதி சரி. துடுப்பு சுவரைச் சுரண்டிக்கிட்டே இருந்தாத்தான் படிகம் பெருசாகாது. ஆனா குளிர் வர்றது கிண்ணத்துலருந்து. வேகம் கூடுனா உரசல் சூடும் கூடும், க்ரீம் வெண்ணெயாத் திரியவும் செய்யும். நிமிஷத்துக்கு 20 முதல் 40 சுத்து போதும்.

அக்கா, கிண்ணத்தைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க. சளக் சளக்னு சத்தம் கேட்டா ரெட்டைச் சுவருக்குள்ள இருக்குற திரவம் இன்னும் உறையல. மைனஸ் 18ல 24 மணி நேரம் வேணும். உள்பக்கம் ஈரமில்லாமத் துடைச்சு வைங்க, இல்லேன்னா துடுப்பு பனியில ஒட்டிக்கும்.

அடுத்தது சர்க்கரை. கண்டென்ஸ்டு மில்க்ல 90 கிராமுக்குப் பக்கம், கருப்பட்டியில 120 கிராமுக்குப் பக்கம். 1100 கிராம் கலவையில 210, அதாவது 19 சதவீதம். 14 முதல் 16தான் நல்லது. கூடுதல் சர்க்கரை உறைநிலையை இறக்கிடும். 1.5 லிட்டர் கிண்ணத்துக்கு 1100 கிராம்கிறதும் அதிகம்.

கண்டென்ஸ்டு மில்க்கை விட்டுருங்க. பால் 400 மில்லி, க்ரீம் 200, கருப்பட்டி 140 கிராம். அதே 50 மில்லி தண்ணியில கரைச்சு, வடிகட்டி, நல்லா ஆறின பிறகு பால்ல சேருங்க. சூட்டுல சேர்த்தா பால் திரியும். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வச்சு, மெஷினை ஓட விட்டுட்டு ஊத்துங்க. 20 முதல் 30 நிமிஷத்துல மோட்டார் சத்தம் கனக்கும், துடுப்புல வரிவரியா ஒட்டும். அதுதான் நிறுத்துற நேரம். அப்புறம் டப்பாவுல மாத்தி 4 மணி நேரம் ஃப்ரீசர்.

தக்கலை வீட்டுச் சமையல்: இப்ப 24 மணி நேரம் வச்சும் லேசா சளக்குது. ஒத்தக் கதவு ஃப்ரிட்ஜ்.

மார்த்தாண்டம் பால்: கடை ஐஸ்கிரீம் அதுல இளகிப் போகுதா? இளகினா மைனஸ் 18 கிடைக்கல. பனிக்கட்டியை உருக்கி எடுத்துட்டு, குமிழைக் கடைசிக்கு வச்சு 36 மணி நேரம் பாருங்க. கரண்டு போற நாள்ல எண்ணாதீங்க.

நாகர்கோவில் கரீம்: தேங்காப்பால் ஊத்தினா க்ரீம் வேணாமா?

மார்த்தாண்டம் பால்: முதல் பால்னா பாதி க்ரீமுக்கு ஈடாகும். கருப்பட்டி அளவை அப்பவும் கூட்டாதீங்க.

தக்கலை வீட்டுச் சமையல்: குமிழ் கடைசியிலதான் இருந்துச்சு அண்ணா. பனி இரண்டு விரல் கனத்துக்கு இருக்கு, இன்னைக்கே உருக்குறேன்.