கிளை நூலகம் இரவு 8 வரை: மூன்று பேர் போதுமா?

வட்டச் செயலாளர்
எங்கள் கிளை நூலகம் காலை 8 முதல் 11 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. வேலைக்குப் போகிறவர்கள் ஊர் திரும்புவதற்குள் கதவு மூடிவிடுகிறது. காலை 9 முதல் இரவு 8 வரை இடைவிடாமல் திறக்கவேண்டும் என்று வாசகர் வட்டம் சார்பில் மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதுகிறோம். நூலகர், உதவியாளர், இன்னொரு பணியாளர் என மூன்று பேர் இருக்கிறார்கள். இது நடக்கக்கூடிய காரியமா?

கணக்கர்
தாராளமாக நடக்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரம், வாரத்தில் 6 நாள் என்றால் மூவருக்கும் சேர்த்து 126 மணி நேரம் கிடைக்கிறது. திறந்திருக்கப்போவது 66 மணி நேரம். எந்த நேரத்தில் போனாலும் ஏறக்குறைய இரண்டு பேர் இருப்பார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை. மனுவைத் தைரியமாக அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற நூலகர்
கணக்கர் பெருக்கியது சரி. ஆனால் ஆண்டு முழுவதும் மூவரும் தவறாமல் வருவார்கள் என்று வைத்துக்கொண்டு பெருக்கியிருக்கிறார். தற்செயல் விடுப்பு 12 நாள். ஈட்டிய விடுப்பு 30 நாளில் பாதியை எடுத்தாலும் ஒருவருக்கு 27 நாள், மூவருக்கு 81 நாள். வெள்ளிக்கிழமைகளும் அரசு விடுமுறைகளும் போக நூலகம் திறப்பது சுமார் 290 நாள். அதாவது மூன்றரை நாளுக்கு ஒரு நாள் இரண்டு பேர்தான் இருப்பார்கள். மாவட்ட அலுவலகக் கூட்டமும் வங்கி வேலையும் இதில் சேரவில்லை. ஆகவே இரண்டு பேரை வைத்தே நேரத்தை வகுக்கவேண்டும்.

அப்படி வகுத்தால் 9 முதல் 8 வரை என்ன ஆகும் என்று பாருங்கள். உணவு இடைவேளை அரை மணியைச் சேர்த்து ஒருவர் 9 முதல் 4.30 வரை, மற்றவர் 12.30 முதல் 8 வரை. இருவரும் சேர்ந்து இருப்பது பகல் 12.30 முதல் 4.30 வரை மட்டும். கூடமே காலியாகக் கிடக்கும் நேரம் அது. நூல் எடுக்கவும் திருப்பவும் வரிசை நிற்கும் மாலை 5 முதல் 7 வரை மேசையில் ஒருவர்தான். நான் பணியாற்றிய ஒரு கிளையில் இதே ஏற்பாடு இருந்தது. அந்த ஒருவருக்கு உடல்நலமில்லாத நாளில் பலகையில் 8 என்று எழுதியிருக்கும், கதவு 4.30க்கே மூடியிருக்கும். இரண்டு முறை ஏமாந்து திரும்பிய வாசகர் மூன்றாம் முறை வரமாட்டார்.

தேர்வுக்குப் படிப்பவன்
எனக்கு மேசையில் ஆள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நான் நூல் எடுப்பதே இல்லை. சொந்தப் புத்தகத்தோடு வந்து மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து படிக்கிறேன். வீட்டில் ஒரே அறை, தொலைக்காட்சி ஓடிக்கொண்டேயிருக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த நூல் படிக்கத் தனிப்பகுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் படிப்பறையை மட்டும் இரவு 10 வரை திறந்துவைக்கலாமே.

பணியில் இருக்கும் நூலகர்
தம்பி, உன் தேவை நியாயமானது. ஆனால் எங்கள் கட்டடத்தில் படிப்பறைக்கும் நூலடுக்குகளுக்கும் நடுவில் சுவர் கிடையாது. இருப்புச் சரிபார்ப்பில் நூல் குறைந்தால் விளக்கம் எழுதுவது நான். கம்பிக் கதவு போட்டு அடுக்குகளைப் பூட்ட வழி செய்துவிட்டு 10 மணியைப் பற்றிப் பேசுங்கள்.

இரவு 8 மணிக்கு மூடுவது பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 8 மணிக்கு மூடினால் கடைசி வாசகரை எழுப்பி, ஜன்னல்களைச் சாத்தி, வசூலைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பூட்டும்போது 8.20 ஆகிறது. அந்த நேரத்தில் நான் மட்டும் தனியாக இருக்க ஒப்புக்கொள்ளமாட்டேன். அதே சமயம் காலை 3 மணி நேரம், மாலை 3 மணி நேரம் என்ற இப்போதைய முறையையும் ஆதரிக்க மாட்டேன். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரம் வீட்டுக்குப் போகவும் போதாது, வேலைக்கும் கணக்கில்லை.

இரு பிள்ளைகளின் அம்மா
ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பகுதியில் கதை சொல்ல ஆள் போடுவார்களா? எங்கள் கிளையில் ஞாயிறு காலை திறந்திருக்கிறார்கள், ஆனால் சிறுவர் நூல் அலமாரிக்குச் சாவி இல்லை என்றார்கள். பிள்ளைகளுக்குச் சனியும் ஞாயிறும்தான் ஓய்வு.

ஓய்வுபெற்ற நூலகர்
அம்மா, கதை சொல்வது வேறு விஷயம். ஆனால் சாவி பற்றி நீங்கள் சொன்னது இந்தக் கேள்விக்கு உள்ளேதான் வருகிறது. வார இறுதியில் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் என்று நினைத்தால் அப்படித்தான் ஆகும். சனி, ஞாயிறுகளில் சிறுவர் பகுதி தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்கவேண்டும்.

செயலாளருக்கு: மனு அனுப்புவதற்கு முன் இரண்டு வாரம் எண்ணுங்கள். வருகைப் பதிவேடு போதாது. அது உள்ளே வந்த நேரத்தைச் சொல்லும், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பதைச் சொல்லாது. ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் கூடத்தைச் சுற்றிவந்து நாளிதழ் மேசையில் எத்தனை பேர், படிப்பறையில் எத்தனை பேர், சிறுவர் பகுதியில் எத்தனை பேர் என்று குறிக்கட்டும். மேசையில் எடுத்த நூலுக்கும் திருப்பிய நூலுக்கும் மணிவாரியாகக் கோடு போடட்டும். கூட்டம் மிகுந்த நேரமும் மேசையில் வேலை மிகுந்த நேரமும் ஒன்றாக இருக்காது. இந்தத் தம்பியைப் போன்ற பதினைந்து பேர் நாள் முழுக்க இருந்தாலும் மேசைக்கு வேலை இல்லை. பள்ளி விட்டதும் வரும் எட்டுப் பிள்ளைகள் மேசையைத் திணறடித்துவிடுவார்கள்.

பிறகு இப்படிக் கேட்டுப்பாருங்கள். செவ்வாயும் வியாழனும் பகல் 12.30 முதல் இரவு 8 வரை. மூவரும் சாப்பிட்டுவிட்டு ஒன்றாக வந்து ஒன்றாகப் போவார்கள். ஒருவர் விடுப்பில் இருந்தாலும் பூட்டும்போது இருவர் உண்டு. மற்ற நான்கு நாளும் 9.30 முதல் 5.30 வரை. ஒருவர் அரை மணி முன்னதாக வருவார், மற்றவர் அரை மணி பின்னதாகப் போவார். வாரத்துக்கு இப்போதைய 36 மணி நேரம் 47 ஆகும், கூடுதல் ஆள் இல்லாமல்.

கணக்கர்
விடுப்பை நான் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் 47 மணி நேரத்தில் வேலைக்குப் போகிறவருக்குக் கிடைப்பது இரண்டே மாலை. மற்ற நாள்களில் இப்போது 7 வரை இருப்பதையும் பறித்து 5.30க்கு மூடச் சொல்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். செவ்வாய் காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களை என்ன செய்வது? சொத்துவரியோடு 10 விழுக்காடு நூலக வரி கட்டுகிறோம். நான்காவது ஆளைக் கேட்பதுதான் நேர்மையான மனு.

ஓய்வுபெற்ற நூலகர்
கேளுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். உள்ளாட்சி வசூலித்த வரி நூலக ஆணைக்குழுவுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். நான்காவது ஆள் வந்தால் முதலில் திங்களையும் புதனையும் 7 வரை நீட்டலாம். வரும்வரை இரண்டு மாலைகளாவது உறுதியாக இருக்கட்டும். குறைந்தது மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். இரவு 8 வரை உண்டு என்று ஊருக்குத் தெரியவே முதல் மாதம் போய்விடும்.

பணியில் இருக்கும் நூலகர்
செவ்வாய், வியாழன் ஏற்பாடு எனக்குச் சம்மதம், 8.30க்குப் பேருந்து இருந்தால். நாளிதழ் மேசையை வராந்தாவுக்கு மாற்றினால் பெரியவர்கள் காலையிலேயே படிக்கலாம். ஆனால் நாளிதழ்களை யார் வாங்கி வைப்பது என்பதற்கு எங்களிடம் வழி இல்லை.

வட்டச் செயலாளர்
வட்டத்தில் இரண்டு பேர் முறைவைத்து வாங்கி வைக்க முன்வருவார்கள் என்று நினைக்கிறேன், ஞாயிறு கூட்டத்தில் கேட்கிறேன். மணிவாரிக் கணக்கெடுப்பைத் திங்களன்று தொடங்குகிறோம். நான்காவது ஆளைக் கேட்பதா, இரண்டு மாலைகளைக் கேட்பதா என்பதில் வட்டத்துக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

தேர்வுக்குப் படிப்பவன்
கம்பிக் கதவுக்கு எவ்வளவு ஆகும் என்று எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் கேட்டு எழுதுகிறேன்.