குட்டித் தீனியிலிருந்து பெரிய பூனைத் தீனிக்கு: பத்து நாள் கணக்கு

சாம்பல்வால்: ஒரு வயது முடிந்த, 4 கிலோ பூனை ஒன்று நாளுக்கு 60 கிராம் ட்ரை ஃபுட் தின்கிறது என்று வையுங்கள். முதல் 3 நாள் பழையது 45, புதியது 15 கிராம். 4 முதல் 6ஆம் நாள் வரை பாதிக்குப் பாதி. 7 முதல் 9 வரை பழையது 15, புதியது 45. பத்தாம் நாள் முழுக்கப் புதியது. கப்பால் அளக்காதீர்கள், சமையல் தராசில் நிறுங்கள். ஒரு பிராண்டின் உருண்டை கனமாக இருக்கும், இன்னொன்று பொரி மாதிரி லேசாக இருக்கும். ஒரே கப்தான், எடை வேறு.

பெரும்பாலும் பாதிக்குப் பாதி வரும்போதுதான் வயிறு இளகும். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக நாளாகும். மலம் கூழாகிவிட்டால் முந்தின அளவுக்கே திரும்புங்கள். கெட்டியான பிறகும் 2 நாள் அதிலேயே நிறுத்திவிட்டு மேலே போங்கள். பத்து நாள் பதினைந்தானால் தப்பில்லை. இந்த நாட்களில் பூச்சி மருந்தோ புது ட்ரீட்டோ வேண்டாம். வயிறு கெட்டால் காரணம் எதுவென்றே தெரியாமல் போகும்.

மொட்டைமாடி: பழைய உருண்டையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் புதியதை மிச்சம் வைக்கும். ஒரு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசறினால் வாசனை கலந்துவிடும். அப்படியும் தொடாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் பசித்தால் தானே வழிக்கு வரும்.

சாம்பல்வால்: தண்ணீர் யோசனை சரி. அரை மணிக்குள் தின்னாவிட்டால் கொட்டிவிட வேண்டும், ஊறியது கெட்டுப்போகும். ஆனால் பட்டினி போடவே கூடாது. பூனை தின்னாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். குண்டுப் பூனைக்கு இது உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் பழையதையே கொடுங்கள். அதையும் தொடாவிட்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

மீன்குழம்பு: எங்கள் வீட்டில் சோறும் அவித்த மத்தியும்தான். இதற்கும் கால் பங்கு என்றால் 100 கிராம் சோற்றுக்கு 25 கிராம் பாக்கெட் தீனியா?

கிணற்றடி: இல்லை. சோற்றில் பாதிக்கு மேல் தண்ணீர், எடைக்கு எடை ஒப்பிட்டால் தீனி அதிகமாகிவிடும். பாக்கெட்டில் உங்கள் பூனை எடைக்குப் போட்டிருக்கும் நாளளவு 60 கிராம் என்றால் அதில் கால் பங்கு, 15 கிராம் வையுங்கள். சோறு மீனிலும் கால் பங்கைக் குறையுங்கள். சோறு குறையக் குறைய தண்ணீரும் குறைகிறது. வீட்டில் இரண்டு இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

மொட்டைமாடி: வயிறு இளகினால் ஒரு ஸ்பூன் தயிர் போதுமே?

கிணற்றடி: பாலில் உள்ள சர்க்கரை பல பெரிய பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு, அவ்வளவுதான். சிலதுக்கு ஒன்றும் செய்யாது, சிலதுக்கு இன்னும் இளகும். நான் கொடுக்க மாட்டேன்.

சாம்பல்வால்: ஒரு ஸ்பூனில் பெரிய கெடுதல் வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ தயிரும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். உடனே டாக்டர்.